வானத்தை ஓரத்திலிருந்து நிரப்புவோம்

ஜிக்சா புதிரை முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தவர் என்று அறியப்படுபவர் ஜான் ஸ்பில்ஸ்பரி. 1760களில் லண்டனில் வரைபடம் செதுக்கும் தொழில் செய்துவந்தார். ஐரோப்பா வரைபடத்தை மெல்லிய மரப்பலகையில் ஒட்டி, நாடுகளின் எல்லைக்கோட்டிலேயே அறுத்து, குழந்தைகள் புவியியல் படிக்க உதவும் என்று விற்றார். அந்தப் புதிர்களில் சிலவற்றைக் கடல் பகுதி இல்லாமலே குறைந்த விலைக்குக் கொடுத்தார். மரமும் மிச்சம், அறுக்கும் வேலையும் மிச்சம். வாங்குகிறவருக்கும் ஒரு லாபம் இருந்தது. எந்த நாட்டின் பெயரும் எழுதாத வெறும் கடலைக் கோக்கும் பாடு அவருக்கு இல்லை.

இன்று கடைகளில் கிடைக்கும் 1000 துண்டுப் பெட்டிகளில் அந்தச் சலுகை கிடையாது. அட்டையில் அழகான கலங்கரை விளக்கம், கீழே கடல், மேலே மேகமில்லாத வானம். முதல் மூன்று நாள் வீடே மேசையைச் சுற்றி நிற்கும். விளக்கம் முடியும், பாறை முடியும், படகு முடியும். மிஞ்சுவது நீலம் மட்டும். அப்போதுதான் ஒவ்வொருவராக எழுந்து போவார்கள். பாதியில் மூடிப் பரணில் ஏற்றிய பெட்டிகள் பெரும்பாலும் வானத்தில் நின்றுபோனவைதான்.

சென்ற மே விடுமுறையில் என் அக்கா மகளும் நானும் அப்படி ஒரு பெட்டியைத் திறந்தோம். அவள் ஒன்பதாம் வகுப்பு. நான்காம் நாள் மாலை நீலத் துண்டுகளைத் தட்டில் அளைந்துகொண்டே சொன்னாள்: "சித்தி, இதுல எல்லாமே ஒண்ணுதான். எதை எங்கே வெச்சுப் பாக்குறது?"

அவள் கேட்டது சரியான கேள்வி. பாறையிலும் படகிலும் நிறம் வழிகாட்டுகிறது. வானத்தில் நிறம் பாதி வழி வந்து நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு வழிகாட்ட வேண்டியது துண்டின் வடிவம். வடிவம் வழிகாட்ட வேண்டுமென்றால் ஓரம் முதலில் கட்டப்பட்டிருக்க வேண்டும். அன்று நாங்கள் செய்ததைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

126 துண்டுச் சட்டகம்

எங்கள் புதிர் 70 செ.மீ. அகலம், 50 செ.மீ. உயரம். அகலத்தில் 40 துண்டு, உயரத்தில் 25 துண்டு, மொத்தம் சரியாக 1000. வேறு சில பெட்டிகளில் 38-க்கு 27 என்று வெட்டியிருப்பார்கள். பெருக்கினால் 1026 வரும், ஆனால் அட்டையில் 1000 என்றுதான் போட்டிருக்கும். இரண்டு வகையிலும் ஓரத் துண்டுகள் 126தான். நான்கு மூலை, மீதி 122 நேர்விளிம்புத் துண்டுகள்.

பெட்டியைக் கொட்டியதும் எல்லாத் துண்டுகளையும் படம் தெரியும்படி திருப்பிப் போட்டோம். அலுப்பான வேலைதான், ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில்தான் நேர்விளிம்பு கண்ணில் படும். அரிசியில் கல் பொறுக்குவது போலத் தட்டில் பரப்பி, ஒரு கையால் நகர்த்திக்கொண்டே போக வேண்டும். குவியலில் கைவிட்டுத் தேடினால் பாதி தப்பிவிடும். முதல் சுற்றில் எங்களுக்கு 121 ஓரத் துண்டுகள் கிடைத்தன. ஐந்து குறைகிறது என்பது எண்ணிப் பார்த்ததால் தெரிந்தது. எண்ணாதவர்கள் பெட்டியில் துண்டு காணோம் என்று முடிவுகட்டிவிடுவார்கள். அந்த ஐந்தில் நான்கு, நீலக் குவியலுக்குள் ஒளிந்திருந்த வானத்து ஓரங்கள்.

சட்டகத்தைக் கீழ்ப்பக்கத்திலிருந்து தொடங்கினோம். பாறையும் அலையும் இருப்பதால் கீழ் ஓரம் தானாகச் சேர்ந்துகொள்ளும். பிறகு இடது ஓரமும் வலது ஓரமும் கடலிலிருந்து மேலே ஏறி வானத்துக்கு வரும். மேல் ஓரம் கடைசி. அங்கே 40 துண்டும் ஒரே நீலம். அதை நடுவிலிருந்து தொடங்கக் கூடாது. இரு மூலைகளிலிருந்தும் உள்நோக்கி வர வேண்டும். ஒவ்வொரு துண்டும் ஏற்கனவே பொருந்திய ஒன்றின் பக்கத்தில்தான் உட்கார வேண்டும்.

மேல் ஓரத்தைச் சரிபார்க்க ஒரு எளிய வழி உண்டு. கீழ் ஓரத்தில் எத்தனை துண்டோ, மேல் ஓரத்திலும் அத்தனை இருக்க வேண்டும். எங்களுக்கு 40-க்கு 40 வந்தது, சட்டகமும் மூடிக்கொண்டது. ஆனாலும் அதில் ஒரு பிழை இருந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

தொடுவானம் என்ற இரண்டாம் ஓரம்

சட்டகம் முடிந்ததும் பலர் நேராக வானத்தில் கைவைப்பார்கள். அதற்கு முன் இன்னொரு ஓரம் கட்ட வேண்டியிருக்கிறது. கடலும் வானமும் சந்திக்கும் கோடு அது.

தொடுவானக் கோடு ஓடும் துண்டுகளில் இரண்டு நீலம் இருக்கும். மேல் பாதி வெளிர், கீழ் பாதி அடர்த்தி. படத்தில் கோடு நேராக இருந்தால், எல்லாத் துண்டுகளிலும் அது ஏறக்குறைய ஒரே உயரத்தில் வெட்டும். அதனால் இவற்றைத் தனியே பொறுக்குவது சுலபம். இடது ஓரத்திலும் வலது ஓரத்திலும் அந்தக் கோடு எந்த வரிசையில் நிற்கிறது என்று சட்டகமே காட்டிவிடும். எங்கள் படத்தில் மேலிருந்து 14ஆம் வரிசை. அந்த வரிசையை இடமிருந்து வலமாகக் கோத்து முடித்ததும் சட்டகத்துக்குள் இரண்டு அறைகள் உருவாகிவிட்டன. மேலே வானம், கீழே கடல்.

அதன்பின் கலங்கரை விளக்கமும் பாறையும். இவை முடிந்ததும் மிச்சத்தை எண்ணினோம். வானத்தில் 380 துண்டுகள், கடலில் 250. புதிரில் மூன்றில் இரண்டு பங்கு நெருங்க இன்னும் வெறும் நீலம்தான். ஆனால் வானம் இப்போது திறந்தவெளியாக இல்லை. மேலே சட்டகம், இரு பக்கமும் சட்டகம், கீழே தொடுவானம், நடுவில் கோபுரம். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு சுவர். அந்தச் சுவர்களின் பயன் அடுத்த கட்டத்தில்தான் விளங்கும்.

நிறம் எதுவரை உதவும்?

உண்மையான வானம் உச்சியில் ஆழ்ந்த நீலமாகவும் தொடுவானத்தருகே வெளுத்தும் இருக்கும். கீழ்வானத்திலிருந்து வரும் ஒளி தடிமனான காற்றைக் கடந்து பலமுறை சிதறி வருவதால் வெண்மை கூடுகிறது. புகைப்படத்திலும் அது அப்படியே பதிகிறது. ஆகவே மேகமே இல்லாத வானத்திலும் மேல், நடு, கீழ் என்று மூன்று நிறம் பிரிக்கலாம்.

இந்தப் பிரிப்பைப் பகல் வெளிச்சத்தில்தான் செய்ய வேண்டும். மஞ்சள் விளக்கின் கீழ் நீலங்கள் ஒன்றோடொன்று குழம்பிவிடும். ஜன்னலோரம் இரண்டு தாம்பாளத்தைப் போட்டு, காலை பத்து மணிக்கு உட்கார்ந்தோம். ஒரு துண்டைத் தனியாகப் பார்த்தால் அது எந்த நீலம் என்று சொல்ல முடியாது. ஏற்கனவே பொருந்தியிருக்கும் மேல் ஓரத் துண்டின் மீது வைத்துப் பார்த்தால் உடனே தெரியும். 380 துண்டுகளும் மேல்வானம் 120, நடுவானம் 150, கீழ்வானம் 110 என்று பிரிந்தன. இரண்டு குவியலுக்கும் நடுவில் சந்தேகமாக நின்றவற்றைக் குவியலின் ஓரத்தில் வைத்தோம். தவறான குவியலில் விழுந்த துண்டு பிறகு எங்கேயும் பொருந்தாமல் நேரத்தைத் தின்னும்.

கடல் இதைவிட இரக்கமுள்ளது. அலைக்கோடுகள் கிடைமட்டமாக ஓடுவதால் துண்டை எப்படிப் பிடிப்பது என்று பார்த்ததும் தெரியும். தொலைவில் உள்ள அலைகள் நுண்கோடுகளாகவும், கிட்டே வரவர அகலமாகவும் இருக்கும். அலையின் அகலத்தை வைத்தே மூன்று தட்டாகப் பிரித்துவிடலாம். கடலை இரண்டு மாலைகளில் முடித்தோம். வானம் ஐந்து மாலை எடுத்துக்கொண்டது.

குமிழை எண்ணுங்கள்

மேல்வானத்தின் 120 துண்டுகளில் இனி நிறம் பேசாது. இங்கேதான் வடிவம் வருகிறது.

ஒரு துண்டின் நான்கு பக்கமும் வெளியே துருத்திய குமிழாகவோ உள்ளே குடைந்த குழியாகவோ இருக்கும். வரிசை வரிசையாக வெட்டிய புதிர்களில் இதன்படி ஆறே வகைத் துண்டுகள்தான்: நான்கு குமிழ், மூன்று குமிழ், எதிரெதிரே இரண்டு குமிழ், அடுத்தடுத்து இரண்டு குமிழ், ஒரு குமிழ், குமிழே இல்லாதது. நான்கு குமிழுக்கு அக்கா மகள் நண்டு என்று பெயர் வைத்தாள். ஆறு பிஸ்கட் டப்பா மூடிகளை எடுத்து வைத்துப் பிரித்தோம்.

எங்கள் 120இல் எதிரெதிர் இரண்டு குமிழ் மட்டும் 50 இருந்தன. மூன்று குமிழ் 22, ஒரு குமிழ் 22, அடுத்தடுத்த இரண்டு குமிழ் 20. நண்டு மூன்றே மூன்று. குமிழே இல்லாததும் மூன்று.

இன்னொரு பிரிப்பும் செய்தோம். எங்கள் துண்டுகள் சரியான சதுரம் இல்லை. அகலம் 1.75 செ.மீ., உயரம் 2 செ.மீ. கையில் எடுத்ததும் அது நிற்க வேண்டியது எப்படி என்று தெரிந்துவிடும். தலைகீழாக இருக்கலாம், அவ்வளவுதான். பக்கவாட்டில் படுக்க முடியாது. நான்கு விதமாகத் திருப்பிப் பார்க்க வேண்டியதில்லை, இரண்டே விதம் போதும். அப்படி நிறுத்திப் பார்த்தால் எதிரெதிர் வகையின் 50உம் இரண்டாக உடையும். மேலும் கீழும் குமிழ் உள்ளவை 27, இடமும் வலமும் குமிழ் உள்ளவை 23. ஒரு குமிழ் வகையில் குமிழ் மேலோ கீழோ இருப்பவை 12, பக்கத்தில் இருப்பவை 10. 38-க்கு 27 வெட்டிய புதிரில் துண்டு ஏறக்குறையச் சதுரமாக இருக்கும், அங்கே இந்த வசதி கிடைக்காது.

இப்போது சுவரின் பயனுக்கு வருவோம். குமிழா குழியா என்று நான்கு பக்கத்துக்கும் இரண்டிரண்டு வாய்ப்பு. ஆக, ஓர் இடத்தைப் பற்றி எதுவுமே தெரியாவிட்டால் 16 விதமான துண்டு அங்கே வரலாம். ஒரு பக்கம் தெரிந்தால் 8. இரண்டு பக்கம் தெரிந்தால் 4. மூன்று பக்கம் தெரிந்தால் 2. நான்கும் தெரிந்தால் ஒன்றே ஒன்று. ஒவ்வொரு சுவரும் தேடலைப் பாதியாகக் குறைக்கிறது. ஓரத்திலிருந்து தொடங்க வேண்டும் என்று சொல்வதற்கு வானத்தைப் பொறுத்தவரை இதுவே காரணம். வானத்தின் நடுவே இரண்டு துண்டைச் சேர்த்து வைத்துக்கொண்டு விரிவாக்கப் பார்த்தால் ஒவ்வொரு இடத்திலும் ஒரு பக்கம்தான் தெரியும். சட்டகத்தின் மூலையில் தொடங்கினால் முதல் இடத்திலேயே இரண்டு பக்கம் தெரியும். அதன் பக்கத்து இடத்திலும் மேலே ஒரு சுவர், இடப்பக்கம் சற்றுமுன் வைத்த துண்டு. வரிசை முழுக்க இப்படியே போகும்.

இன்னும் நல்லது, ஒரே வரிசையை இடது மூலையிலிருந்தும் வலது மூலையிலிருந்தும் கட்டிக்கொண்டு வருவது. நடுவில் அவை சந்திக்கும் கடைசி இடத்தில் மூன்று பக்கம் தெரியும். கோபுரத்தின் விளிம்பு வளையும் இடங்களிலும் அப்படி மூன்று பக்க இடுக்குகள் கிடைக்கும்.

இரண்டாம் வரிசையில் எங்களுக்குக் கிடைத்த ஓர் இடுக்கைச் சொல்கிறேன். மேலே இருந்த ஓரத் துண்டில் குழி. இடத்திலும் வலத்திலும் இருந்த துண்டுகள் இடுக்குக்குள் குமிழை நீட்டிக்கொண்டிருந்தன. ஆக, வர வேண்டிய துண்டுக்கு மேலே குமிழ், இரு பக்கமும் குழி. கீழ்ப்பக்கம் மட்டும் தெரியாது. அங்கே குமிழ் இருந்தால் அது எதிரெதிர் வகையின் 27இல் ஒன்று. குழி இருந்தால் ஒரு குமிழ் வகையின் 12இல் ஒன்று. முன்னதை இரண்டு விதமாகவும் பின்னதை ஒரே விதமாகவும் வைத்துப் பார்க்கலாம். மொத்தம் 54-உம் 12-உம் சேர்த்து அதிகபட்சம் 66 முயற்சி. பிரிக்காமல் 120 துண்டையும் நான்கு விதமாகத் திருப்பிப் பார்த்தால் 480 ஆகியிருக்கும். எண்ணிக்கை சிறிய 12இல் தொடங்கினோம். ஒன்பதாவது துண்டு உட்கார்ந்தது.

இதிலிருந்து இன்னொரு பழக்கம் வந்தது. அரிய வகை கேட்கும் இடத்தைத் தேடிப் போவது. சுற்றியிருக்கும் எல்லாத் துண்டும் குழியைக் காட்டி நிற்கும் இடம் என்றால் அங்கே நண்டுதான் வர வேண்டும். மூன்று நண்டு, இரண்டிரண்டு விதம், ஆறே முயற்சி. அந்த இடம் நிரம்பியதும் அதன் பக்கத்து இடங்களுக்கு ஒரு சுவர் கூடுகிறது. எதிரெதிர் இரண்டு குமிழ் கேட்கும் இடங்களைக் கடைசிக்குத் தள்ளுங்கள். குவியல் குறையக் குறைய அவையும் எளிதாகும்.

வைத்துப் பார்க்கும்போதும் ஒழுங்கு வேண்டும். பொருந்தாத துண்டைத் திரும்ப அதே மூடியில் போடக் கூடாது. வரிசையாக மேசையில் அடுக்கிக்கொண்டே போக வேண்டும். இல்லாவிட்டால் ஒரே துண்டை நான்கு முறை வைத்துப் பார்த்துக்கொண்டிருப்போம்.

பொய்யாகப் பொருந்தும் துண்டு

வானத்தின் பெரிய ஆபத்து, துண்டு பொருந்தாமல் போவது அன்று. தவறான துண்டு பொருந்திவிடுவது. பாறையில் அப்படி நடந்தால் படம் காட்டிக்கொடுக்கும். வானத்தில் படம் மௌனமாக இருக்கும்.

எங்கள் மேல் ஓரத்தில் நடந்தது அதுதான். ஒரே வடிவம் கொண்ட இரண்டு ஓரத் துண்டுகள் இடம் மாறி உட்கார்ந்திருந்தன. எண்ணிக்கை சரி, சட்டகமும் மூடிவிட்டது. இரண்டு நாள் கழித்து, அதன் கீழே வர வேண்டிய இடத்துக்கு ஒரு துண்டும் கிடைக்கவில்லை. இருந்த எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தாயிற்று. இப்படி ஆகும்போது, தொலைந்துபோயிற்று என்று நினைப்பதற்கு முன் சுற்றியிருக்கும் துண்டுகளைச் சந்தேகிக்க வேண்டும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் நான்கு துண்டுகள் சந்திக்கும் முனையைப் பாருங்கள். சரியான துண்டுகளின் முனைகள் ஒரே புள்ளியில் கூடும், வெட்டுக்கோடு தடையில்லாமல் அடுத்த துண்டுக்குள் ஓடும். தவறானது இருந்தால் அந்தப் புள்ளியில் ஊசிமுனை அளவு துளை தெரியும், அல்லது கோடு லேசாக விலகும். அடுத்து, விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சை மேசையோடு மேசையாகச் சாய்த்துப் பிடியுங்கள். துருத்தி நிற்கும் துண்டின் நிழல் விழும். விரலால் தடவினாலும் தட்டுப்படும்.

இவை போதாதபோது பின்பக்கத்தைப் பார்க்கலாம். நாங்கள் தொடக்கத்திலேயே ஒரு பெரிய அட்டையின் மேல்தான் கோக்க ஆரம்பித்தோம். இன்னொரு அட்டையை மேலே வைத்து, இருவரும் இரு பக்கமும் இறுக்கிப் பிடித்துத் திருப்பினோம். பின்புறம் வெறும் சாம்பல் நிறம், கண்ணை ஈர்க்கப் படம் இல்லை. வெட்டுக்கோடுகள் மட்டும் தெரிந்தன. மற்ற இடங்களில் மயிரிழையாக இருந்த கோடு, மேல் ஓரத்தில் ஓரிடத்தில் தடித்துத் தெரிந்தது. அந்த இரண்டையும் மாற்றி வைத்ததும் கீழே வர வேண்டிய துண்டு பத்தாவது நிமிடத்தில் கிடைத்துவிட்டது.

ஒரு எச்சரிக்கை. மழைக்காலத்தில் அட்டை ஈரம் இழுத்து உப்பும். அப்போது சரியான துண்டே இறுக்கமாக உட்காரும், தவறான துண்டும் இறுக்கமாகவே உட்காரும். இறுக்கத்தை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். அழுத்தி உட்கார வைக்க வேண்டிய துண்டை எடுத்துவிடுங்கள்.

இந்த முறைக்கு ஒரு வரம்பு உண்டு. சில புதிர்களை வரிசை இல்லாமல் கோணல்மாணலாக வெட்டியிருப்பார்கள். ஐந்து பக்கத் துண்டு, மூலையில் குமிழ் வந்த துண்டு எல்லாம் அதில் இருக்கும். அங்கே ஆறு மூடிப் பிரிப்பு உதவாது. ஆனால் அவற்றில் ஒவ்வொரு துண்டும் தனி முகம் கொண்டது என்பதால் பொய்ப் பொருத்தம் அரிது. காலியிடத்தின் வடிவத்தை மனதில் வாங்கிக்கொண்டு, அதே வடிவத்தைத் தட்டில் தேடினால் போதும்.

பத்தாம் நாள் மாலை எங்கள் வானம் முடிந்தது. கடைசி இருபது துண்டுகளுக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. எல்லா இடத்துக்கும் மூன்று நான்கு சுவர்கள் வந்துவிட்டிருந்தன. உங்கள் வீட்டுப் பரணிலும் வானத்தில் நின்றுபோன பெட்டி ஒன்று இருந்தால் கீழே இறக்குங்கள். நீலத்தை உற்றுப் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஆறு மூடிகளை எடுத்து வையுங்கள், குமிழ்களை எண்ணுங்கள், மூலையிலிருந்து தொடங்குங்கள்.